வாந்தி நின்ற திங்கட்கிழமை

மலேசியாவின் ஜொகூரில், ரெங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் சந்திரமதிக்கு இரண்டு பெயர். நேரில் 'டிரஸரம்மா'; மருந்து கொடுப்பவரைத் தோட்டத்தில் டிரஸர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'எம்.சி. கஞ்சம்'. இருபத்து நான்கு வருடங்களாகத் தோட்டத்து கிளினிக்கை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவள் அவள். தலைவலி என்று வந்தவனுக்கு மாத்திரை கொடுப்பாள், தண்ணீர் கொடுப்பாள், நாற்காலியில் அரைமணி உட்காரவும் வைப்பாள். எம்.சி. என்கிற லீவுச் சீட்டு மட்டும் லேசில் அவள் கையிலிருந்து வராது. இந்தோனேசியத் தொழிலாளர்கள் கூட அவளிடம் வந்தால் முதலில் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.

இத்தனைக்கும் அவள் வெளியாள் இல்லை. பால்மரக் காலத்தில் அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அப்பா ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டினார், அம்மா களை பிடுங்கினாள். கிளினிக்கில் பஞ்சு மடிக்கும் வேலைக்குப் பதினெட்டு வயதில் சேர்ந்தாள். பிறகு படித்தாள், தேறினாள். ஐம்பத்தோரு வயதில் அந்தப் பழைய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். கணவர் தினமும் விடிவதற்கு முன்பே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். பிள்ளைகள் இருவரும் ஜொகூர் பாருவில். வீட்டில் பேச ஆளில்லாத குறையைக் கிளினிக்கில் திட்டித் தீர்த்துக்கொள்வாள் என்று ஊரில் பேச்சு.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வீரமுத்து வந்தபோது அவன் முகத்தைச் சுருக்கவில்லை. சிரித்துக்கொண்டு வந்தான். அதுதான் அவளுக்கு முதலில் வினோதமாகப் பட்டது.

வீரமுத்து பழக்குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவன். முப்பத்தெட்டு வயது, நல்ல உடம்புக்காரன். பின்னால் அவன் மனைவி மலர், கையில் பையோடு நின்றாள்.

"டிரஸரம்மா, நேத்து பூரா வாந்தி பேதி. காலையில அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும். தண்ணியா போச்சு. இன்னிக்கு எல்லாம் நின்னு போச்சு. சூப்பர்வைசர் உங்க கிட்ட ஒரு எழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாரு, வண்டி ஓட்டலாம்னு. எம்.சி. கேக்க வரல" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

"எம்.சி. வேணாம்னு சொல்ற முதல் ஆளு நீதான்."

நாடி பார்த்தாள். கொஞ்சம் வேகமாக ஓடியது. நாக்கு காய்ந்திருந்தது. ஒரு நாள் முழுக்க வாந்தியெடுத்தவனுக்கு அது பெரிய விஷயமில்லை. வயிற்றை அழுத்தினாள், வலிக்கவில்லை என்றான். உப்புச்சர்க்கரைப் பொடி இரண்டு பாக்கெட் எடுத்து வைத்தாள். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'உணவு ஒவ்வாமை' என்று எழுதினாள். வேலைக்கான சீட்டை எடுத்துத் தேதியும் போட்டுவிட்டாள்.

"என்ன சாப்பிட்ட?"

"சாப்பாடெல்லாம் ஒண்ணுமில்ல. மழை பெஞ்சுச்சில்ல, டாங்கித் தண்ணி கலங்கலா வந்துச்சு. அதான்."

பேனா கையெழுத்து போடும் இடத்துக்கு வந்த நேரம் மலர் கேட்டாள்: "டிரஸரம்மா, சனிக்கிழமை வெச்ச காளான் குழம்பு கொஞ்சம் பிரிட்ஜுல இருக்கு. மத்தியானத்துக்கு அவருக்கு அதக் குடுக்கலாமா? புரட்டாசி, வேற கறி இல்ல."

சந்திரமதி நிமிர்ந்தாள்.

"என்ன காளான்? கடைக் காளானா?"

"இல்லமா. இவரு பறிச்சிட்டு வந்தாரு. இருபத்திரண்டாம் பிளாக்குக்கு அப்பால, காட்டோரம்."

"நல்ல காளான்தான்" என்றான் வீரமுத்து. "சின்ன வயசுலேர்ந்து பறிக்கிறேன், எனக்குத் தெரியாதா? புத்துக்காளான் மாதிரியே வெள்ளை வெளேர்னு. இந்த தடவை புத்து மேல இல்ல, மரத்தடியில இருந்துச்சு, அவ்வளவுதான். கத்தியால தண்டோட அறுத்துக்கிட்டேன்."

"நான் மஞ்சத்தூள் போட்டு வதக்கிப் பாத்தேன். நிறம் மாறினா விஷம்பாங்க, மாறவே இல்ல" என்றாள் மலர்.

"எத்தனை மணிக்கு சாப்பிட்டீங்க?"

"சனி ராத்திரி ஏழரைக்கு."

"வாந்தி எத்தனை மணிக்கு?"

"அதான் சொன்னேன், ஞாயிறு காலையில அஞ்சுக்கு. பாருங்க, காளானா இருந்தா அப்பவே தூக்கியிருக்கணும். பத்து மணி நேரம் கழிச்சு எப்படி? அதனாலதான் தண்ணின்னு சொல்றேன்."

அவன் பேசியது நியாயமாகத்தான் இருந்தது. சந்திரமதியே அப்படித்தான் நினைத்திருப்பாள். காளான் சாப்பிட்டு வாந்தியெடுத்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். புல்வெளியில் முளைக்கும் பெரிய வெள்ளைக் குடைகளைத் தின்றுவிட்டு இரண்டு மணி நேரத்தில் ஓடி வருவார்கள், மறுநாள் எழுந்து நடப்பார்கள். ஆனால் என்றோ ஒரு பயிற்சி வகுப்பில் யாரோ ஒரு டாக்டர் நேரத்தைப் பற்றி ஏதோ சொன்ன நினைவு. சீக்கிரம் வந்தால் ஒரு மாதிரி, தாமதமாக வந்தால் வேறு மாதிரி. எது மோசம் என்பது சட்டென்று பிடிபடவில்லை. அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேரும் உக்காருங்க. ஒரு போன் போட்டுட்டு வரேன்."

சுவரில் ஒட்டியிருந்த பினாங்கு நச்சு மையத்தின் எண்ணை அதுவரை அவள் களைக்கொல்லி மருந்துக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறாள். மறுமுனையில் ஒரு மலாய்ப் பெண், மருந்தியலாளர். சந்திரமதி மலாயில் விவரம் சொல்லச் சொல்ல அந்தப் பெண் இரண்டே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். எப்போது சாப்பிட்டார்கள், எப்போது வாந்தி ஆரம்பித்தது.

"ஒன்பதரை மணி நேரம்" என்றாள் சந்திரமதி.

அந்தப் பெண்ணின் குரல் மாறியது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு ஆரம்பிக்கும் வாந்தி என்றால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை ஈரலைக் கொல்லும் காளான் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. அந்த வகைக்கு அடித்தண்டில் பை மாதிரி ஒரு உறை இருக்கும். கத்தியால் அறுத்தால் அது மண்ணிலேயே தங்கிவிடும், பார்த்தவனுக்கு அடையாளமே தெரியாது. பிறகு அவள் சொன்னதைக் கேட்கும்போது சந்திரமதி கதவிடுக்கு வழியாக வீரமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காலை ஆட்டியபடி போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இரண்டாம் நாள் வாந்தி நிற்கும். நோயாளி எனக்கு ஒன்றுமில்லை என்பார். அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். வெளியே தெரியும்போது மூன்றாம், நான்காம் நாள் ஆகிவிடும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். சாப்பிட்ட எல்லோரையும், வாந்தி எடுக்காதவர்களையும் சேர்த்து. மிச்சம் இருந்தால் கொட்டிவிடாமல் கொண்டுபோகச் சொல்லுங்கள். குளுவாங் ஆஸ்பத்திரி டாக்டருக்கு நானும் போன் பண்ணுகிறேன்."

சந்திரமதி ரிசீவரை வைத்துவிட்டு வந்து, தேதி போட்ட சீட்டை எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள். இன்னும் ஒரு கையெழுத்து. அது மட்டும்தான் பாக்கியிருந்தது.

"மலரு, அந்தக் குழம்ப யாரெல்லாம் சாப்பிட்டீங்க?"

"இவரு. நான் ரெண்டு துண்டு. எனக்கு நேத்து லேசா வயித்தால போச்சு, அவ்வளவுதான். மக ரூபினி வழவழன்னு இருக்குன்னு தொடல, தயிர்சோறு சாப்பிட்டா." மலர் கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம் எந்தம்பி மகேஸ்வரன். அவன்தான் நெறைய சாப்பிட்டான். ஒம்போது வயசு பிள்ளை மாதிரி தட்ட வழிச்சு..."

"அவன் எங்க?"

"போயிட்டான்மா. தியோமான் தீவுல ரிசார்ட்டுல வேலை. நேத்து அவனும் வாந்திதான், காலையில நல்லாயிட்டேன்னு கெளம்பிட்டான். குளுவாங்ல பஸ் ஏறியிருப்பான். மெர்சிங் போய் படகு."

சந்திரமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நாற்பது.

"போன் போடு."

மலர் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மூன்றாம் முறை போன் அணைந்திருப்பதாகப் பதிவு செய்த பெண்குரல் சொன்னது.

"பஸ்ல தூங்குவான். சார்ஜும் இல்லன்னு பொலம்பிக்கிட்டுத்தான் போனான்" என்றாள் மலர். அவள் முகத்தில் அப்போதுதான் பயம் ஏறியது.

வீரமுத்து எழுந்து நின்றான். "அலமாக், என்னம்மா இது? ஆளு நல்லா நிக்கிறேன். வண்டி வெயிலில நிக்குது, பழம் கெடக்குது. சாயங்காலம் வேணா போறேன்லா."

"உக்காரு."

"டிரஸரம்மா..."

"வீரமுத்து, நான் உன்ன பயமுறுத்தல. எனக்கே பயமா இருக்கு, அத சொல்றேன். வாந்தி நின்னதுக்கு அர்த்தம் விஷம் போச்சுன்னு இல்ல. வயித்த விட்டுட்டு ஈரலுக்குப் போயிருக்கலாம். அது வலிக்காது. உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ரத்தம் பாத்தா தெரியும். ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னா நாளைக்கு நீ என்னை என்ன வேணா பேசு, தோட்டம் பூரா சொல்லிச் சிரி. இப்ப வண்டியில ஏறு."

அவன் மலரைப் பார்த்தான். மலர் பையை நெஞ்சோடு பிடித்தபடி, "ஏறுங்க" என்றாள். அவ்வளவுதான். அவன் டிராக்டர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

உதவி மேலாளர் பிரேமகுமார் ஆஃபீஸ் வேனைக் கொடுத்தார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தால் ஒரு மணி நேரம் போகும், வேனில் அரைமணி. சந்திரமதி வீரமுத்துவின் கையில் சலைன் ஏற்றி, பாட்டிலை ஜன்னல் கொக்கியில் மாட்டினாள். மலர் வீட்டுக்கு ஓடி, பிரிட்ஜிலிருந்த குழம்பை டப்பாவோடு எடுத்து வந்தாள். சமையலறைக் குப்பையில் கிடந்த காளான் துண்டுகளையும் காகிதத்தில் சுற்றிக்கொண்டாள். தமிழ்ப்பள்ளிக்குப் போயிருந்த ரூபினியையும் பிரேமகுமார் தன் காரில் அழைத்துக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னார். பிள்ளை தொடவில்லை என்றுதான் தாய் சொல்கிறாள், இருந்தாலும் ஒரு துளி ரத்தம் பார்த்துவிட்டால் நிம்மதி.

வேனில் கூடவே ஏறிய சந்திரமதி, வண்டி கிளம்பியதும் மெர்சிங் படகுத்துறை டிக்கெட் கவுன்டரைப் போனில் தேடிப் பிடித்தாள். எடுத்த பெண் தன் பெயர் ரோஸ்னா என்று சொன்னாள். பயணிகள் பட்டியலில் மகேஸ்வரன் என்ற பெயரைப் பார்க்கச் சொன்னாள் சந்திரமதி. ஆம், பதினொன்றரை மணிப் படகுக்குப் பெயர் இருக்கிறது, ஆள் இன்னும் வரவில்லை, நீர் இறங்கிக் கடல் வற்றியிருப்பதால் படகு தாமதமாகலாம் என்றாள் ரோஸ்னா.

"கக்காக்," என்று மலாயில் அக்கா போட்டுச் சொன்னாள், "அந்தப் பையனை ஏறவிடாதீங்க. அவன் விஷம் சாப்பிட்டிருக்கான். அவனுக்கே தெரியாது. வந்தா என் நம்பருக்குப் போன் போடச் சொல்லுங்க."

மறுமுனையில் பேனா தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "எழுதிக்கிட்டேன், நானே நிக்கிறேன்" என்றாள்.

குளுவாங் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் வீரமுத்துவை உடனே எடுத்துக்கொண்டார்கள். விஷத்தை உறிஞ்சும் கரித்தூளைக் கலந்து குடிக்க வைத்தார்கள், வாய் முழுக்கக் கறுப்பானது. ரத்தம் எடுத்தார்கள். மலருக்கும் எடுத்தார்கள், ரூபினிக்கும். சந்திரமதி வராந்தாவில் நின்றாள், போனைக் கையைவிட்டு எடுக்கவில்லை.

பத்து ஐம்பதுக்கு மெர்சிங் எண் வந்தது. மறுமுனையில் மகேஸ்வரன்.

"அக்கா, யாருக்கா நீங்க? இந்தக் கவுன்டர் அக்கா என் டிக்கெட்ட புடிச்சு வெச்சுக்கிட்டுத் தரமாட்டேங்குறாங்க."

"நான் தோட்டத்து டிரஸர் சந்திரமதி. உன் அத்தான் ஆஸ்பத்திரியில இருக்காரு. நீ இப்ப மெர்சிங் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அவருக்கு என்ன ஆச்சு? காலையில நல்லாத்தான இருந்தாரு?"

"இப்பவும் நல்லாத்தான் இருக்காரு. அதான் பயம்."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. இப்பதான் நாசி லெமாக் சாப்பிட்டேன். இன்னிக்கு ஷிஃப்டுக்குப் போகலன்னா செஃப் கத்துவாரு."

"மகேஸ், கேளு. தீவுல ரத்தம் பாக்க ஆய்வகம் இருக்கா? நாளைக்கு நைட்டு உனக்கு மயக்கம் வந்தா, கடல் வத்திக் கெடந்தா, எந்தப் படகுல வருவ? காளான் சாப்பிட்டு ஒன்பது மணி நேரம் கழிச்சு வாந்தி வந்தா ஈரலத் தின்னும்னு டாக்டருங்க சொல்றாங்க. இடையில ரெண்டு நாளு நல்லா இருக்கும். ஆளுங்க அந்த ரெண்டு நாள நம்பித்தான் வீட்டுல உக்காந்துடறாங்க. நீ போய் ரத்தம் குடு. நல்லா இருந்தா அடுத்த படகுல போ, உன் செஃப்புக்கு நான் பேசறேன்."

மறுமுனையில் அலைச்சத்தமும் யாரோ பெட்டி இழுக்கும் சத்தமும் கேட்டன. "மலரக்கா எங்க?" என்றான். போன் மலரிடம் போனது. மலர் அழ மட்டும் செய்தாள். அதற்குப் பிறகு அவன் எதிர்க்கவில்லை. ரோஸ்னாவின் கணவர்தான் அவனைக் காரில் ஏற்றிப் போனார் என்று பிறகு தெரிந்தது.

மதியம் ரத்த முடிவு வந்தது. நாற்பதுக்குள் இருக்கவேண்டிய ஈரல் பாதிப்பு எண் வீரமுத்துவுக்குத் தொள்ளாயிரத்தைத் தாண்டியிருந்தது. மலருக்கு நூற்றுப் பத்து. ரூபினிக்கு ஒன்றுமில்லை. மெர்சிங்கிலிருந்து வந்த மகேஸ்வரனின் எண் ஆயிரத்து நானூறு. அவனை அன்றே ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் சந்திரமதியிடம் தணிந்த குரலில் சொன்னார்: "இது ஏறப்போகிற எண். இன்னும் உச்சிக்கு வரவில்லை."

செவ்வாய்க்கிழமைதான் சந்திரமதியால் மறக்க முடியாத நாள். மாலையில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். வீரமுத்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பசிக்கிறது என்றான். பக்கத்துக் கட்டில்காரரோடு பந்து விளையாட்டைப் பற்றி வாதாடினான். கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாயைப் பார்த்து, "டிரஸரம்மா, என்னைக் கட்டிப்போட்டுட்டீங்க. சொந்தப் பொறுப்புல வீட்டுக்குப் போறேன்னு கையெழுத்துப் போட பாரம் கேட்டிருக்கேன்" என்றான். மலர் சுவர்ப்பக்கம் நின்று, ஏதாவது சொல்லுங்களேன் என்பதுபோல் பார்த்தாள்.

சந்திரமதி நர்ஸைக் கேட்டு அவன் ரத்தத் தாளை வாங்கி வந்தாள். அவன் மடியில் விரித்தாள்.

"இது நேத்து. தொள்ளாயிரத்து இருபது. இது இன்னிக்குக் காலையில. படி."

அவன் படித்தான். "மூவாயிரத்து எண்ணூறு."

"நேத்தவிட நல்லா இருக்கேன்னு சொல்ற. உன் ரத்தம் நேத்தவிட நாலு மடங்கு கெட்டுப் போயிருக்கு. நீ இன்னிக்கு வீட்டுக்குப் போனா உன்னைத் திரும்பத் தூக்கிட்டு வரதுக்குள்ள ரத்தம் உறையாமப் போயிடும். வீரமுத்து, உன் உடம்பு உன்கிட்டப் பொய் சொல்லுது. இந்தத் தாளு பொய் சொல்லாது."

அவன் அந்த எண்ணில் விரலை வைத்துத் திரும்பவும் படித்தான். எழுத்தைவிட எண் அவனுக்குப் பழக்கம். ஒவ்வொரு லோடுக்கும் குலை எண்ணி எழுதுகிறவன். தாளை மடித்து அவளிடமே கொடுத்தான். கையெழுத்து வேண்டாம் என்று நர்ஸிடம் சொன்னான்.

புதன்கிழமை காலை கண்ணின் வெள்ளை மஞ்சளானது. மதியம் பேச்சு குழறியது. மகளின் பெயரைக் கேட்டதற்குத் தன் அம்மாவின் பெயரைச் சொன்னான். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. சாயங்காலம் அவனை ஈரல் மருத்துவம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு, கோலாலம்பூர்ப் பக்கம், அனுப்ப ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மாற்று ஈரல் வைக்க வேண்டியிருக்குமா என்று அங்கே பார்க்கப்போவதாக டாக்டர் சொன்னார். ஆம்புலன்ஸ் கதவு மூடும்போது மலர் சந்திரமதியின் கையைப் பிடித்தாள்.

"நானே சமைச்சுக் குடுத்தேன், டிரஸரம்மா. நானே."

சந்திரமதி அவள் கையைத் திருப்பிப் பிடித்தாள். தான் தேதி போட்டு வைத்த அந்தச் சீட்டு இன்னும் மேசை இழுப்பறையில் கிடப்பது மட்டும் நினைவுக்கு வந்தது. அதை மலரிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னாள்.

"நானும் வேலைக்குப் போன்னு எழுதப் பாத்தேன் மலரு. நீ அந்தக் குழம்பக் கேக்கலன்னா கையெழுத்து போட்டிருப்பேன். நீ கேட்ட. அதனாலதான் அவன் இன்னிக்கு ஆஸ்பத்திரியில இருக்கான்."

அடுத்த மூன்று நாட்கள் சந்திரமதி கிளினிக்கில் வேலை பார்த்தாள் என்று பெயர். போன் அடித்தால் ஊசிப் பெட்டியைத் தட்டிவிடுவாள். மகேஸ்வரனுக்கும் மஞ்சள் வந்தது, ஆனால் நினைவு தப்பவில்லை; வெள்ளிக்கிழமை அவன் எண் இறங்கத் தொடங்கியது. வீரமுத்து யாரையும் அறியாமல் கிடந்தான். சனிக்கிழமை காலையில் ரத்தம் உறையும் நேரம் கொஞ்சம் குறைந்தது. மறுநாள் இன்னும் குறைந்தது. மாற்று ஈரல் பேச்சைத் தள்ளிவைத்தார்கள். திங்கட்கிழமை அவன் கண் விழித்து, பழம் யார் ஏற்றுகிறார்கள் என்று கேட்டானாம். மலர் போனில் அதைச் சொல்லும்போது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஆராய்ச்சிக்கு அனுப்பிய துண்டுகள் அந்தக் கொலைகார வகைதான் என்று மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வெந்த குழம்பிலும் விஷம் அப்படியே இருந்தது.

வீரமுத்து ஐந்து வாரத்துக்குப் பிறகு தோட்டத்துக்குத் திரும்பினான். உடம்பு பாதியாகியிருந்தது. கண்ணில் மஞ்சள் போய்விட்டது, டிராக்டரில் ஏற இன்னும் மூன்று மாதம் ஆகும் என்றார்கள். கிளினிக்குக்கு ரத்தப் பரிசோதனை அட்டையோடு வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான். சந்திரமதி நாடி பார்த்தாள். சீராக ஓடியது.

"எம்.சி. வேணுமா?" என்றாள்.

"குடுப்பீங்களா?"

"இந்தா. மூணு மாசம்."

அவன் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனான். அங்கே நின்று, பின்னால் வந்த மலரிடம் ஏதோ சொன்னான். மலர் உள்ளே வந்து, "மகேஸ் தீவுக்குப் போறதுக்கு முன்னாடி உங்களப் பாத்துட்டுப் போறேன்னு சொன்னான். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு சாப்பிட வாங்க டிரஸரம்மா. கடையில வாங்கின காய்தான்" என்றாள்.

அன்று காத்திருந்த வங்காளதேசத் தொழிலாளி ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். நேற்று ராத்திரி வாந்தி, இப்போது நின்றுவிட்டது என்றான். சந்திரமதி பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, முதலில் அவன் என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குச் சாப்பிட்டான், வாந்தி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டாள்.